தோள் கோக்கும் பிடி

ரக்பி ஸ்க்ரமில் அணிக்கு எட்டுப் பேர். முன்வரிசை மூவரும் எதிரணி மூவரோடு தோள் கோக்கும் முன், நடுவர் "க்ரௌச், பைண்ட், செட்" என்பார். 'பைண்ட்' என்றதும் ஓரத்து ப்ராப் வீரர்கள் எதிராளியின் ஜெர்சியை முதுகிலோ விலாப்பக்கத்திலோ பற்ற வேண்டும். சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தால் தோள் இடுப்புக்குக் கீழே இறங்கி ஸ்க்ரம் சரியும். பின்னாலிருந்து ஐவர் தள்ளும்போது தலை தரையில் குத்தினால் கழுத்தே முறியலாம். நான் முதலில் பார்ப்பது ப்ராப்பின் முழங்கையைத்தான். அது தரையை நோக்கித் தொங்கினால் சரிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

ரக்கில் பந்து தரையில் கிடக்கும். அதன்மேல் இரு அணியிலும் ஒருவராவது நின்றபடி முட்டிக்கொள்வார்கள். உதவிக்கு வருபவர் தன் அணியின் பின்பக்கமாக நுழைந்து, முழுக் கையாலும் பற்ற வேண்டும். பற்றாமல் தோளால் பாய்ந்தால் குனிந்திருப்பவரின் முழங்கால் தாங்காது. பந்தின்மேல் விழுந்து கிடந்தால் பந்து வெளியே வராது, எதிரணிக்குப் பெனால்டி.