ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு எத்தனை கிலோ சிமென்ட்?

கட்டுமான இடங்களில் எம்25 கான்கிரீட் என்றதும் பலருக்கும் உடனே நாவில் வருவது “ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு” என்ற கணக்கு. ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு ஜல்லி. வழக்கமான மதிப்பீட்டு முறையில் இதைப் போட்டுப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 554 கிலோ, அதாவது 11 மூட்டை சிமென்ட் வருகிறது. ஆனால் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, தனிக் கவனம் எடுக்காத எந்தக் கான்கிரீட்டிலும் 450 கிலோவுக்கு மேல் சிமென்ட் வேண்டாம் என்கிறது. சிமென்ட் கூடினால் இறுகும்போது வெப்பமும் உலரும்போது சுருக்கமும் கூடி, தளத்தில் வெடிப்பு விழும். பங்கு வைத்துக் கலப்பதை அந்தத் தரநிலை எம்20 வரைதான் ஏற்கிறது. எம்25 என்றால் எடைகளைக் கணக்கிட்டே எடுக்க வேண்டும். கணக்கிடும் வழியை ஐ.எஸ். 10262 சொல்கிறது, 2019-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது.

ஒரு வீட்டு மேல்தளத்தை எடுத்துக்கொள்வோம். எம்25 கான்கிரீட், 53 கிரேடு சிமென்ட், 20 மி.மீ. அளவு வரையிலான உடைத்த ஜல்லி, எம்-சாண்ட். கம்பிகளுக்கு இடையே கலவை சிரமமில்லாமல் இறங்க வேண்டும் என்பதால் ஸ்லம்ப் 100 மி.மீ. இருக்கட்டும்.

எம்25 என்பதில் உள்ள 25, 28 நாள் நீரில் ஊறிய 15 செ.மீ. கனசதுரம் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் தாங்க வேண்டிய நியூட்டன் அளவு. கணக்கை இந்த 25-க்கே போடக் கூடாது. ஒரே கலவையில் எடுத்த கனசதுரங்கள்கூட ஒரே பலம் காட்டுவதில்லை. 25-ஐக் குறியாக வைத்தால் பாதிக் கனசதுரங்கள் அதற்குக் கீழே போய்விடும். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. அதற்காக எம்25-க்கு வழக்கமாக எடுக்கும் ஏற்ற இறக்க அளவான 4-ஐ 1.65-ஆல் பெருக்கிக் கூட்டினால் 31.6 வருகிறது. நாம் குறிவைக்க வேண்டிய பலம் அதுதான்.

அந்தப் பலத்தைத் தருவது சிமென்ட்டின் அளவு என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதைத் தீர்மானிப்பது, சிமென்ட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற விகிதம். சிமென்ட் இறுகுவதற்குச் செலவாகும் நீர் போக மிச்சம் ஆவியாகி வெளியேறும்; அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். துளை கூடினால் பலம் குறையும், கம்பியை நோக்கி ஈரமும் காற்றும் போக வழியும் கிடைக்கும். மிதமான சூழலில் நிற்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு இந்த விகிதம் 0.50-ஐத் தாண்டக் கூடாது, சிமென்ட் 300 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது ஐ.எஸ். 456-இன் வரம்பு. நாம் 0.48 எடுப்போம்.

எனவே கணக்கு தண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது. 20 மி.மீ. ஜல்லிக்கு, 50 மி.மீ. ஸ்லம்ப் கிடைக்க, கன மீட்டருக்கு 186 லிட்டர் என்கிறது அட்டவணை. ஸ்லம்ப் ஒவ்வொரு 25 மி.மீ. கூடும்போதும் தண்ணீரை 3 சதவீதம் கூட்ட வேண்டும். நமக்கு 100 மி.மீ. வேண்டும் என்பதால் 6 சதவீதம் கூட்ட, 197 லிட்டர் ஆகிறது. கலவையை இளக்கித் தரும் பிளாஸ்டிசைசர் 2 கிலோ அளவில் சேர்த்து, அதனால் 10 சதவீதம் நீர் மிச்சமாகிறது என்று வைத்தால் 177 லிட்டர் போதும். இதை 0.48-ஆல் வகுத்தால் சிமென்ட் 369 கிலோ; 370 என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மூட்டைகூட இல்லை. சிமென்ட்டைச் சிக்கனமாக்க நினைப்பவர் கை வைக்க வேண்டிய இடம் தண்ணீர் என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடும்.

மணலும் ஜல்லியும் மீதி இடத்தை நிரப்புகின்றன. ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர் பிடிக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி அளவு. அதில் யார் எவ்வளவு இடம் பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். சிமென்ட் தண்ணீரைவிட 3.15 மடங்கு கனமானது. 370 கிலோ 117 லிட்டர் இடம் எடுக்கும். தண்ணீர் 177. பிளாஸ்டிசைசர் 2. எவ்வளவு அதிர வைத்தாலும் உள்ளே தங்கிவிடும் காற்றுக்கு ஒரு சதவீதம், அதாவது 10 லிட்டர். இவை போக மிஞ்சுவது 694 லிட்டர்.

இந்த 694-ஐ எப்படிப் பிரிப்பது என்பதை மணலின் நயம் முடிவு செய்கிறது. சலித்துப் பார்த்து மணலை நான்கு மண்டலங்களாக வகுக்கிறார்கள். இரண்டாம் மண்டல மணலுக்கு ஜல்லியின் பங்கு 62 சதவீதம். மணல் நைசாக இருந்தால் ஜல்லி கூடும், கரடாக இருந்தால் குறையும். இங்கே ஜல்லி 430 லிட்டர், மணல் 264 லிட்டர். ஜல்லியின் ஒப்படர்த்தி 2.74, மணலுடையது 2.65 என்றால், ஜல்லி 1,178 கிலோ, மணல் 700 கிலோ. இந்த இரண்டு எண்களையும் அடுத்தவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. குவாரிக்குக் குவாரி இவை மாறும். ஆய்வகத்தில் பார்த்தே எழுத வேண்டும்.

இதுவரை காகிதத்தில் எல்லாம் சரி. பெரும்பாலும் கெடுவது இதற்கு அடுத்த படியில்தான். மேலே சொன்ன எடைகள், துளைக்குள் நீர் நிறைந்து மேற்பரப்பு மட்டும் உலர்ந்த மணலுக்கும் ஜல்லிக்கும் உரியவை. களத்தில் அப்படி எதுவும் கிடைக்காது. மழைக்கு மறுநாள் எம்-சாண்ட் குவியல் தன் மேல் 4 சதவீத நீரைச் சுமந்திருந்தால், 700 கிலோவுக்கு 28 லிட்டர் அதிலேயே வந்துவிடுகிறது. காய்ந்த ஜல்லியோ அரை சதவீதம், அதாவது 6 லிட்டர் உறிஞ்சும். ஆகவே மணலை 728 கிலோவும் ஜல்லியை 1,172 கிலோவும் நிறுத்துப் போட்டு, தண்ணீரை 155 லிட்டராகக் குறைக்க வேண்டும். குறைக்காமல் 700 கிலோ ஈர மணலும் 177 லிட்டர் தண்ணீரும் கொட்டினால், 0.48 ஆக இருக்க வேண்டிய விகிதம் 0.53-ஐத் தாண்டிவிடும். பார்வைக்குக் கலவை நன்றாக இளகி, வேலைக்குச் சுலபமாகத்தான் தெரியும். குறை 28 நாள் கழித்துக் கனசதுரத்தை உடைக்கும்போதுதான் வெளிப்படும்.

மணலின் ஈரத்தை அறிய ஒரு தராசும் ஒரு வாணலியும் போதும். 1,000 கிராம் ஈர மணலை முழுதாகக் காயும்வரை வறுத்து மறுபடி நிறுங்கள். 943 கிராம் இருந்தால் மொத்த ஈரம் 6 சதவீதம். அந்த மணல் உள்ளுக்குள் உறிஞ்சக்கூடியது 2 சதவீதம் என்று ஆய்வக அறிக்கை சொன்னால், மேலே ஒட்டியிருப்பது 4. கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாள் காலையிலும், இடையில் மழை பெய்தால் மறுபடியும் இதைச் செய்ய வேண்டும். சட்டிக் கணக்கு இங்கேயும் ஏமாற்றும்: ஈர மணல் உப்பிக்கொள்வதால் அதே சட்டியில் மணல் குறைவாகத்தான் போகும்.

இந்த எடைகள் முதல் மதிப்பீடு மட்டுமே. ஆய்வகத்தில் ஒரு சிறு கலவை போட்டு ஸ்லம்ப் பார்க்க வேண்டும். பிறகு நீர்–சிமென்ட் விகிதத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் மேலும் சில கலவைகள் செய்து, எது 31.6-ஐத் தொடுகிறது என்று உடைத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். அன்றைக்கே பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு. நம் எடைகளைக் கூட்டினால் கன மீட்டருக்கு 2,427 கிலோ. நன்றாக இடித்து நிரப்பிய 15 செ.மீ. அச்சில் பிடிக்கும் 3.375 லிட்டர் பச்சைக் கான்கிரீட் ஏறத்தாழ 8.2 கிலோ இருக்க வேண்டும். அச்சின் எடை போக 7.8 கிலோதான் நிற்கிறது என்றால், காற்று சரியாக வெளியேறவில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது, அல்லது ஒப்படர்த்தி எண்களில் ஏதோ ஒன்று தவறு.