வருகிறோம் என்றால் 1, இயலாது என்றால் 2

வரவேற்புக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கும்போதுதான் பதில் வராத அழைப்புகள் உறுத்தும். அவருக்குக் கணக்குச் சொல்வதற்கு நான்கு நாள் முன்பு, பதில் தராதவர்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் நினைவூட்டுங்கள்:

"ஞாயிறு மாலை வரவேற்பு. வருகிறீர்கள் என்றால் 1, இயலாவிட்டால் 2 என்று வியாழனுக்குள் அனுப்புங்கள். எதுவானாலும் எங்களுக்குச் சம்மதமே."

அந்தக் கடைசி வரி முக்கியம். வர முடியாதவர்கள்தான் சங்கடத்தில் மௌனமாகிறார்கள். "பார்க்கலாம்" என்று மூன்றாவது வழி வைத்தால் பாதிப்பேர் அங்கே ஒதுங்கிவிடுவார்கள். 1 அனுப்பியவரிடம் எத்தனை பேர் என்று பிறகு கேட்கலாம்.

குழுவில் கேட்காதீர்கள், எல்லோர் முன்னும் மறுக்க யாருக்கும் மனம் வராது. பிராட்காஸ்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்குப் போய்ச் சேராது. அவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். வயதானவர்களுக்கு போன்தான் சரி.