(1 + x/n)^n இன் எல்லை: எல்லா மெய்யெண்களுக்கும் ஒரே நிரூபணம்

ஒரு பையில் 1000 பந்துகள் உள்ளன. அவற்றுள் 3 சிவப்பு, ஏனையவை வெள்ளை. ஒரு பந்தை எடுத்து, அதன் நிறத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பையிலேயே இட்டுக் குலுக்கிய பின்னரே அடுத்த பந்து எடுக்கப்படுகிறது. இவ்வாறு 1000 முறை எடுத்தும் ஒருமுறைகூடச் சிவப்புப் பந்து வராமலிருப்பதற்கான நிகழ்தகவு யாது?

ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பந்து வருவதற்கான நிகழ்தகவு 1 − 3/1000 ஆகும். ஒரு முறை எடுப்பது மற்றொரு முறை எடுப்பதைப் பாதிப்பதில்லை. ஆகவே விடை (1 − 3/1000)^1000. இது (1 + x/n)^n என்னும் கோவையில் n = 1000, x = −3 எனப் பிரதியிடக் கிடைப்பதேயாகும்.

இங்கு மாணவர்கள் இருவகையாகத் தடுமாறுவதுண்டு. n பெரிதாகும்போது 3/n பூச்சியத்தை நெருங்குகிறது. எனவே அடைப்புக்குள் இருப்பது 1. 1 இன் எந்த அடுக்கும் 1 என்பர் சிலர். 1 ஐ விடச் சிறிய மிகை எண்ணை மிகப் பெரிய அடுக்குக்கு உயர்த்தினால் பூச்சியமே கிடைக்கும் என்பர் வேறு சிலர். அடிமானமும் அடுக்கும் ஒரே நேரத்தில் மாறுகின்றன என்பதை இரு சாராருமே மறந்துவிடுகின்றனர். உண்மை மதிப்புகளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். n = 10 எனில் 0.7^10 = 0.0282; n = 100 எனில் 0.97^100 = 0.0476; n = 1000 எனில் 0.997^1000 = 0.0496. இவை 1 ஐயும் நாடவில்லை, பூச்சியத்தையும் நாடவில்லை. e^(−3) இன் மதிப்பு 0.0498 ஆகும்.

ஆய்லர் 1748 இல் வெளியிட்ட தம் நூலில், n ஐ முடிவிலாப் பெரிய எண் எனக் கொண்டு, ஈருறுப்புத் தேற்றத்தால் இக்கோவையை விரித்து e^x இன் தொடரைப் பெற்றார். முடிவு சரியானதே, ஆனால் முடிவிலாப் பெரிய எண் என்பதற்கு இன்று நாம் கோரும் துல்லியமான பொருள் அன்று இல்லை. வகுப்பறையில் பெரும்பாலும் வேறொரு வழி கையாளப்படுகிறது. m = n/x எனப் பிரதியிட்டு, கோவையை [(1 + 1/m)^m]^x என எழுதி, உள்ளே இருப்பது e ஐ நாடுகிறது என்று முடிப்பர். இவ்வழி சுருக்கமானதே, எனினும் இதில் மூன்று இடைவெளிகள் உள்ளன. x = 0 எனில் m க்குப் பொருளில்லை. x = 3, n = 10 எனில் m முழு எண்ணாக இருப்பதில்லை. x குறை எண்ணாயின் m, −∞ ஐ நாடுகிறது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரப்பலாம். அதற்கு மாறாக, x இன் குறியைப் பற்றிக் கவலைப்படாத ஒரு நிரூபணத்தை இங்குக் காண்போம்.

e^x என்பது தன் வகைக்கெழுவுக்குத் தானே சமமாகவும், x = 0 இல் 1 ஆகவும் அமையும் சார்பு எனக் கொள்வோம். அது எப்போதும் மிகை; ஏறும் சார்பு; தொடர்ச்சியானது; e^a · e^b = e^(a+b) என்பதும் நாம் அறிந்ததே. முதலில், எல்லா மெய்யெண் t க்கும்

e^t ≥ 1 + t … (1)

என நிறுவுவோம். f(t) = e^t − 1 − t என்க. f′(t) = e^t − 1. t < 0 எனில் இது குறை. t > 0 எனில் மிகை. எனவே f இறங்கிவந்து t = 0 இல் தன் மீச்சிறு மதிப்பை அடைந்து, பின் ஏறுகிறது. அம்மீச்சிறு மதிப்பு f(0) = 0. ஆகவே f(t) எங்கும் குறை எண்ணாவதில்லை. e^t இன் வளைவரை, t = 0 இல் அதற்கு வரையப்படும் தொடுகோட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்குவதில்லை என்பதே இதன் வடிவியல் பொருள்.

இப்போது x ஏதேனும் ஒரு நிலையான மெய்யெண் என்க. n > |x| ஆக இருக்கும் n மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்போது n + x > 0, 1 + x/n > 0.

(1) இல் t = x/n எனப் பிரதியிட, 1 + x/n ≤ e^(x/n). இருபுறமும் மிகை எண்கள். ஆகவே n ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் அசமன்பாடு மாறாது:

(1 + x/n)^n ≤ e^x … (2)

கீழ் வரம்பையும் (1) இலிருந்தே பெறலாம். 1 + x/n இன் தலைகீழி n/(n + x). இதனை 1 − x/(n + x) என எழுதலாம். (1) இல் t = −x/(n + x) எனப் பிரதியிட, n/(n + x) ≤ e^(−x/(n+x)). இருபுறமும் மிகை என்பதால் தலைகீழி எடுக்கும்போது அசமன்பாட்டின் திசை மாறுகிறது: 1 + x/n ≥ e^(x/(n+x)). மீண்டும் n ஆம் அடுக்குக்கு உயர்த்த,

(1 + x/n)^n ≥ e^(nx/(n+x)) … (3)

(3) இன் அடுக்கான nx/(n + x) ஐ x/(1 + x/n) எனவும் எழுதலாம். n → ∞ எனில் அது x ஐ நாடும். e^x தொடர்ச்சியான சார்பு. எனவே (3) இன் வலப்புறம் e^x ஐ நாடும். (2) இன் வலப்புறமோ e^x ஆகவே உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்ட (1 + x/n)^n உம் e^x ஐயே நாட வேண்டும். நிரூபணம் முடிந்தது.

x மிகையா, குறையா, பூச்சியமா என எங்கும் பிரித்துப் பார்க்க நேரவில்லை என்பதைக் கவனிக்க. முன்பு இடர் தந்த குறை எண்களுக்காக நாம் சேர்த்துக்கொண்டது n > |x| என்னும் நிபந்தனை மட்டுமே. தேர்வுத்தாளில் பலர் விட்டுவிடும் வரியும் இதுவே. அதை விட்டால் என்ன நேரும்? x = −3, n = 2 என்க. 1 + x/n = −0.5, e^(−1.5) = 0.223. −0.5 ≤ 0.223 என்பது உண்மைதான். ஆனால் இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 0.25 ≤ 0.0498 என்னும் பொய் வந்து நிற்கிறது. குறை எண்ணை இடப்புறம் கொண்ட அசமன்பாட்டை இரட்டைப்படை அடுக்குக்கு உயர்த்தியதால் நேர்ந்த பிழை இது. n ஐ 4 இலிருந்து தொடங்கினால் இவ்விடர் எழாது. எல்லை காண்பதற்குத் தொடக்க உறுப்புகள் சிலவற்றை நீக்குவதால் குறையேதும் இல்லை.

இந்நிரூபணம், எல்லை எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்பதையும் கூறுகிறது. (2), (3) ஆகியவற்றின் அடுக்குகளுக்கிடையே உள்ள வேறுபாடு x − nx/(n + x) = x²/(n + x). எனவே (1 + x/n)^n ஐ e^x ஆல் வகுத்துக் கிடைக்கும் ஈவு e^(−x²/(n+x)) க்குக் குறையாது. இதற்கும் (1) ஐப் பயன்படுத்தினால், அந்த ஈவு 1 − x²/(n + x) க்குக் குறையாது எனத் தெரிகிறது. பந்துக் கணக்கில் x²/(n + x) = 9/997; அதாவது விடைக்குப் பதிலாக e^(−3) ஐ எழுதினால் நேரும் பிழை, அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

x பெரிதாயின் நிலைமை வேறு. x = 10, n = 100 எனில் 1.1^100 ஏறத்தாழ 13,781. e^10 ஏறத்தாழ 22,026. n நூறாகியும் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைகிறது. இங்கு x²/(n + x) = 100/110 என்பதால் இதில் வியப்பில்லை. பிழை நூற்றில் ஒரு பங்கை மிஞ்சாது என உறுதிகூற, 100/(n + 10) ≤ 0.01 ஆக வேண்டும். அதற்கு n குறைந்தது 9990 ஆக இருத்தல் வேண்டும். x = −3 க்கு அதே உறுதியைத் தர n = 903 போதும்.