ஆனுவிட்டியா, எஸ்.டபிள்யூ.பி.யா? ஓய்வுக்காலப் பணத்தை மாத வருமானமாக்கும் இரு வழிகள்

பணி ஓய்வின்போது கைக்கு வரும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, சேமிப்பு ஆகியவற்றை மாத வருமானமாக மாற்ற இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, மொத்தத் தொகையை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, உயிருள்ளவரை பென்ஷன் பெறும் ஆனுவிட்டி திட்டம். மற்றொன்று, பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவைத்து, மாதாமாதம் தேவையான அளவுக்கு யூனிட்களை விற்றுக்கொள்ளும் எஸ்.டபிள்யூ.பி. முறை. முதல் வழியில் ஆபத்துகளைச் சுமப்பது காப்பீட்டு நிறுவனம். இரண்டாவதில் அவற்றை ஓய்வு பெற்றவரே சுமக்கிறார்.

ஆனுவிட்டி தரும் உறுதி

எத்தனை வயதுவரை வாழ்வோம் என்பது யாருக்கும் தெரியாது. 75 வயதுவரை என்று கணக்கிட்டுச் செலவழித்தவர் 92 வயதுவரை வாழ்ந்தால், கடைசி 17 ஆண்டுகளுக்குக் கையில் பணம் இருக்காது. காப்பீட்டு நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தை ஒன்றாகச் சேர்க்கிறது. விரைவில் இறந்துபோகிறவர்களின் மிச்சப் பணத்திலிருந்துதான் நெடுநாள் வாழ்பவர்களுக்குப் பென்ஷன் தொடர்கிறது. தனி ஒருவர் எவ்வளவு கவனமாக முதலீடு செய்தாலும் இந்தப் பகிர்வைத் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது.

60 வயதில் 50 லட்சம் ரூபாயுடன் ஓய்வு பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இறப்புக்குப் பின் எதுவும் திரும்பக் கிடைக்காத வகைக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதம் சுமார் 33,300 ரூபாய் வரும். இறந்தபின் வாரிசுக்கு 50 லட்சமும் திரும்பக் கிடைக்கும் வகைக்கு 6.5 சதவீதம் என்றால், மாதம் சுமார் 27,000 ரூபாய்தான். பலரும் விரும்புவது இந்த இரண்டாவது வகையையே. ஆனால் இதில் முதல் முழுவதும் வாரிசுக்குப் போய்விடுவதால், மேலே சொன்ன பகிர்வின் பலன் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆயுள் முழுவதற்கும் வட்டி விகிதத்தை நிர்ணயித்துக்கொண்ட வைப்புத்தொகைபோல் அது ஆகிவிடுகிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், 25 ஆண்டுகள் கழித்து வாரிசு பெறும் 50 லட்சத்துக்கு இன்றைய மதிப்பில் 11.65 லட்சம் ரூபாயின் வாங்கும் சக்திதான் இருக்கும்.

ஆனுவிட்டியின் பெரிய பலவீனமும் விலைவாசியே. மாதம் 27,000 ரூபாய் என்பது கடைசிவரை அதே 27,000 ரூபாய்தான். 6 சதவீத விலை உயர்வில், 12 ஆண்டுகளில் அதன் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். ஆண்டுதோறும் குறிப்பிட்ட சதவீதம் கூடும் வகையும் உண்டு. அதில் தொடக்கப் பென்ஷன் கணிசமாகக் குறையும். ஒருமுறை வாங்கிய ஆனுவிட்டியை மாற்றுவதும் எளிதல்ல. திடீரென்று அறுவைச் சிகிச்சைக்குப் பெரிய தொகை தேவைப்பட்டால், பெரும்பாலான வகைகளில் அந்தப் பணத்தைத் தொட முடியாது.

எஸ்.டபிள்யூ.பி.யில் பணம் கரையும் விதம்

எஸ்.டபிள்யூ.பி.யில் பணம் ஓய்வு பெற்றவரின் பெயரிலேயே இருக்கிறது. வேண்டும்போது கூடுதலாக எடுக்கலாம், நிறுத்தலாம், மிச்சத்தை வாரிசுக்கு விடலாம். ஆனால் மாதம் வரும் தொகை வட்டி அல்ல. யூனிட்களை விற்ற பணம். ஒரு யூனிட்டின் விலை 50 ரூபாயாக இருக்கும்போது 25,000 ரூபாய் எடுக்க 500 யூனிட்கள் விற்கப்படும். சந்தை சரிந்து விலை 40 ரூபாயானால், அதே 25,000 ரூபாய்க்கு 625 யூனிட்கள் போகும். பின்னர் சந்தை மீண்டாலும், கூடுதலாக விற்ற 125 யூனிட்களும் அந்த ஏற்றத்தில் பங்குபெறாது.

இதனால், சராசரி லாபம் எவ்வளவு என்பதைப் போலவே, நஷ்டம் எந்த ஆண்டில் வருகிறது என்பதும் முக்கியமாகிறது. அதே 50 லட்சத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 3 லட்சம் எடுப்பதாகக் கொள்வோம். முதல் மூன்று ஆண்டுகளில் 15 சதவீத லாபம், நான்காம் ஆண்டில் 10 சதவீத நஷ்டம், ஐந்தாம் ஆண்டில் 20 சதவீத நஷ்டம் என்றால், முடிவில் 41.57 லட்சம் மிஞ்சும். இதே ஐந்து ஆண்டுகளும் தலைகீழாக வந்து, நஷ்டம் முதலில் நேர்ந்தால் மிஞ்சுவது 35.38 லட்சம்தான். பணம் எதுவும் எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டு வரிசையிலும் ஒரே தொகைதான் மிஞ்சியிருக்கும். ஓய்வு பெற்ற முதல் சில ஆண்டுகளில் வரும் சரிவு மிகவும் ஆபத்தானது என்பதற்குக் காரணம் இதுவே.

நிலைமை கெடுவதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு போதும். ஆண்டுதோறும் எடுக்கும் தொகையை மிச்ச இருப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 50 லட்சத்துக்கு 3 லட்சம், அதாவது 6 சதவீதம். மேற்கண்ட இரண்டாவது வரிசையில் ஐந்தாண்டு முடிவில் அது 8.5 சதவீதமாகிவிடுகிறது. இந்த விகிதம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனால், எடுக்கும் தொகையைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994ல் ஓர் அளவுகோல் தந்தார். முதல் ஆண்டில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டால், 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்பது அவர் கணக்கு. அது அமெரிக்கப் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய வரலாற்றிலிருந்து வந்தது. விலைவாசி வேகமாக ஏறும் இந்தியாவில் அதை உச்ச வரம்பாகக் கொள்ளலாமே தவிர, உத்தரவாதமாகக் கொள்ள முடியாது.

வரி

ஆனுவிட்டி பென்ஷன் முழுவதும் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். எஸ்.டபிள்யூ.பி.யில் லாபப் பகுதிக்கு மட்டுமே வரி. 40 ரூபாய்க்கு வாங்கிய 500 யூனிட்களை 50 ரூபாய்க்கு விற்றால், கைக்கு வருவது 25,000. லாபம் 5,000 மட்டுமே. பங்குச் சந்தை ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து கிடைக்கும் லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 12.5 சதவீத வரி. 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டுகளின் லாபம் வருமான வரம்பின்படி வரிக்கு உட்படும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி இல்லை என்பதால், நடுத்தர ஓய்வூதியருக்கு ஆனுவிட்டி மீதான வரி பெரிய தடையல்ல.

இரண்டையும் சேர்த்தால்

முழுப் பணத்தையும் ஒரே வழியில் போட வேண்டிய அவசியம் இல்லை. மேற்கண்டவரின் வீட்டில் உணவு, மின்சாரம், மருந்து போன்ற தவிர்க்க முடியாத செலவு மாதம் 18,000 ரூபாய் என்றும், இ.பி.எஸ். பென்ஷன் 3,000 ரூபாய் வருகிறது என்றும் கொள்வோம். குறைவது 15,000 ரூபாய். கணவன், மனைவி இருவரில் கடைசியாக இருப்பவர்வரை தொடரும், முதல் திரும்பாத ஆனுவிட்டிக்கு 7.5 சதவீதம் கிடைத்தால், 24 லட்சம் ரூபாயில் இந்தக் குறை தீரும். மீதி 26 லட்சத்திலிருந்து 4 சதவீதம் எடுத்தால் மாதம் சுமார் 8,600 ரூபாய். இரண்டு ஆண்டுச் செலவை லிக்விட் ஃபண்டில் ஒதுக்கி வைத்தால், சந்தை சரியும்போது பங்கு ஃபண்டை விற்க வேண்டியிருக்காது. விலைவாசி ஏறும்போது வருமானத்தைக் கூட்டுவதற்கும் இந்தப் பகுதியே கைகொடுக்கும்.

வயது ஏற ஏற ஆனுவிட்டி விகிதம் பொதுவாகக் கூடும். எனவே 24 லட்சத்தையும் 60 வயதிலேயே போடாமல், 60, 65, 70 எனப் பிரித்தும் வாங்கலாம். அதுவரை குறையும் தொகையை ஃபண்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நீண்ட ஆயுள் குடும்பத்தில் வழக்கமாக இருப்பவருக்கும், சந்தை விழும்போது பதறி விற்றுவிடும் இயல்புள்ளவருக்கும் ஆனுவிட்டியின் பங்கு கூடுதலாக இருப்பது நல்லது. அரசு ஓய்வூதியமோ வாடகை வருமானமோ அடிப்படைச் செலவுக்குப் போதுமானவருக்கு ஆனுவிட்டியின் தேவை குறைவு. கடுமையான நோயுள்ளவருக்கு, முதல் திரும்பாத ஆனுவிட்டி பெரும்பாலும் நஷ்டமே. எந்த வழியானாலும், தவிர்க்க முடியாத மாதச் செலவு எவ்வளவு என்று எழுதிப் பார்த்தபின் கையெழுத்திடுவதே சரி.