அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களும் அட்டவணையில்தான்

சென்னையில் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்க, பணி நிறைவுச் சான்றிதழ் வேண்டும். பல கட்டுமான அட்டவணைகளில் இது கடைசி வரியில், ஒரே நாள் வேலையாக இருக்கும். தாமதம் பிறப்பது அங்கேதான்.

சான்றிதழைத் தனிப் பணியாகவே எழுத வேண்டும். அதற்கு முன்னால் முடிய வேண்டியவை பக்க இடைவெளி, வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு போன்றவை. உள்சுவர் வண்ணப்பூச்சு அந்தப் பட்டியலில் இல்லை. விண்ணப்பம் நகரும்போதே அதைச் செய்யலாம்.

உதாரணமாக, ஒப்படைப்பு டிசம்பர் 31 என்று கொள்வோம். இணைப்புகளுக்கு 45 நாட்கள், சான்றிதழுக்கு 60 நாட்கள் ஒதுக்கினால், விண்ணப்பம் செப்டம்பர் நடுவில் போயாக வேண்டும். மழைநீர்த் தொட்டி அக்டோபருக்குத் தள்ளிப்போனால் ஒப்படைப்பும் அதோடு தள்ளிப்போகும்.

அறிவிக்கப்பட்ட காலக்கெடுவை மட்டும் நம்பக் கூடாது. குறை சுட்டிக் கோப்பு திரும்பினால் காத்திருப்பு நீளும். ஆகவே ஒரு திருத்தச் சுற்றுக்கும் நாட்களைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். அதே ஊரில் அண்மையில் சான்றிதழ் பெற்றவர்களிடம் உண்மையில் எத்தனை நாளானது என்று கேளுங்கள்.