ஆயிரம் ரூபாயும் ஒரு தேதியும்

எங்கள் தெரு முனையில் பூக்கட்டி விற்கும் அக்கா சென்ற ஆண்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பேங்க்லதான் விழுது. அதை அப்படியே விட்டா மளிகைக்கே போயிடுது. போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. போட்டா நல்லதுன்னு சொல்றாங்களே, போடலாமா?"

போடலாம் என்று உடனே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், வட்டி விகிதம் மட்டும் பார்த்து முடிவெடுக்கும் விஷயம் இது இல்லை.

விகிதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக்கு 2023 அக்டோபர் முதல் 6.7 சதவீதம் வட்டி. கணக்கு தொடங்கும் நாளில் இருக்கும் விகிதமே அறுபது மாதமும் நீடிக்கும். மாதம் 1,000 ரூபாய் கட்டினால், அறுபதாயிரம் போட்ட இடத்தில் முடிவில் 71,366 ரூபாய் கையில் வரும். அதே தொகையை வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டால் ஏறத்தாழ 70,060. ஐந்து வருடத்துக்கும் சேர்த்து வித்தியாசம் 1,300 ரூபாய்தான். இந்த லாபமும் அறுபது தவணையையும் முடித்தால்தான் கிடைக்கும்.

முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. அஞ்சலக ஆர்.டி.யை மூன்று ஆண்டு முடிவதற்கு முன் மூடவே முடியாது. அதன்பின் மூடலாம், ஆனால் ஐந்து ஆண்டுக்கு ஒரு நாள் முன்னால் மூடினாலும் வட்டி சேமிப்புக் கணக்கின் 4 சதவீதமாக இறங்கிவிடும். அக்காவுக்கு நாற்பதாவது மாதத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் வருகிறது என்று வையுங்கள். அஞ்சலகத்தில் 40,000 ரூபாய்க்கு வட்டி 2,730 அளவில் நிற்கும். வங்கியில், பணம் இருந்த காலத்துக்கான விகிதத்திலிருந்து அரை அல்லது ஒரு சதவீதம் குறைத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 5 சதவீதம் கிடைத்தாலும் வட்டி 3,590 ஆகும். ஐந்து வருடம் தொடமாட்டோம் என்ற உறுதி இருப்பவருக்கு அஞ்சலகம். நடுவில் தேவைப்படும் என்று தெரிந்தவருக்கு வங்கி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடுவில் பணமுடை வந்தால் மூடாமலே சமாளிக்கவும் வழி உண்டு. பன்னிரண்டு தவணை கட்டியபின் இருப்பில் பாதி வரை அஞ்சலகம் கடன் தரும். அதற்கு வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல், அதாவது 8.7. நாற்பதாவது மாதத்தில் 20,000 கடன் வாங்கி ஒரு வருடத்தில் அடைத்தால் சுமார் 1,740 ரூபாய் ஆகும். கணக்கும் 6.7 சதவீதத்திலேயே ஓடும். அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வங்கிகளும் ஆர்.டி. மேல் கடன் தருகின்றன.

அடுத்தது தேதி. அக்காவின் கதையில் இதுதான் முக்கியமானது. மாதத்தின் முதல் பதினைந்து நாளுக்குள் கணக்கு தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 16ஆம் தேதிக்கு மேல் தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை அவகாசம். உரிமைத் தொகை வங்கியில் விழுவதோ 15ஆம் தேதியை ஒட்டி. ஏ.டி.எம்.மில் எடுத்து அஞ்சலக வரிசையில் நிற்பதற்குள் கெடு தாண்டிவிடும். தவறிய தவணைக்கு நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வீதம் அபராதம்; ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். அது சின்னத் தொகைதான். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்டவே முடியாது என்பதுதான் பெரிய இழப்பு.

பூ வியாபாரத்தில் ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள், கை காய்ந்துபோகும். தையிலும் ஆவணியிலும் பணம் புரளும். புரளும்போதே முன்கூட்டிக் கட்டிவிடலாம். ஆறு தவணையைச் சேர்த்துக் கட்டினால் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் தள்ளுபடி, பன்னிரண்டு தவணை என்றால் நாற்பது ரூபாய். ஆயிரம் ரூபாய் ஆர்.டி.யில் ஒரு வருடத் தவணையை மொத்தமாகக் கட்டுகிறவர் 12,000க்குப் பதில் 11,600 கட்டினால் போதும்.

வெறும் சேமிப்புக் கணக்காகப் பார்த்தால் அஞ்சலகம் 4 சதவீதம் தருகிறது; ஸ்டேட் வங்கி 2025 ஜூன் முதல் 2.5 தான். ஆனால் கணக்கிடும் முறை வேறு. வங்கியில் அன்றாட இருப்புக்கு வட்டி. அஞ்சலகத்தில் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 12ஆம் தேதி போடும் மூவாயிரத்துக்கு அந்த மாதம் ஒரு பைசா வராது. 500 ரூபாய்க்குக் கீழே இருப்பு இறங்கினாலும் அந்த மாத வட்டி போய்விடும். மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதி போட்டு வைத்தால் அஞ்சலகம் லாபம். தினம் போட்டு தினம் எடுக்கும் பூக்கடைக்கு லாபம் இல்லை. மாலை வாங்குகிறவர்கள் ஸ்கேன் செய்கிற கியூ.ஆர். கோடும் சேமிப்புக் கணக்கில் நேரடியாக ஓடாது. அதற்கு 2018இல் வந்த இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் தனிக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு இருந்தால் ஆர்.டி. தவணையைப் போனிலிருந்தே கட்டலாம், வரிசை மிச்சம்.

வீட்டுக்கே வந்து தவணை வாங்கிப்போகும் மகளிர் முகவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள். கடைக்காரப் பெண்களுக்கு அவர்கள் பெரிய உதவி. அவர்களுக்கான கமிஷனை அரசே தருகிறது, நாம் எதுவும் தர வேண்டாம். ஒன்றை மட்டும் விடக்கூடாது. முகவர் தன் அட்டையில் போடும் கையெழுத்து, பணம் அவரிடம் போனதற்கு அடையாளம். அஞ்சலகத்தில் சேர்ந்ததற்கு அடையாளம் பாஸ்புக்கில் விழும் பதிவும் தேதி முத்திரையும்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஏழு மாதம் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தபோது நான்கு பதிவுதான் இருந்தது. பாஸ்புக் நம் வீட்டில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை அதில் பதிவு விழ வேண்டும், மொபைல் எண்ணும் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி அக்கா கேட்டார். அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசே பொறுப்பு. வங்கி விழுந்தால் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு. அறுபதாயிரம் போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அக்கா வங்கிக் கணக்கை மூடவில்லை. உரிமைத் தொகை அதில்தான் வருகிறது, கடை வரவும் அதில்தான். ஒரு மாதம் 20ஆம் தேதி தலைமை அஞ்சலகத்துக்குப் போய் ஆர்.டி. தொடங்கினார். அந்த ஆடியில் இரண்டு வாரம் பூக்கூடை காலியாகவே இருந்தது. ஆனி முகூர்த்தத்திலேயே ஆறு தவணையைக் கட்டி வைத்திருந்ததால், பாஸ்புக்கை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். தேதி முத்திரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.