ஒன்றில் முடியும் கூட்டல்

பின்னங்களைக் கூட்டு என்றதும் மீச்சிறு பொது மடங்குதான் முதலில் நினைவுக்கு வரும். இந்தக் கணக்கில் அந்த வழி உதவாது:

1/2 + 1/6 + 1/12 + 1/20 + 1/30 + …

பகுதியில் இருப்பவை 1×2, 2×3, 3×4, 4×5, 5×6. அடுத்தடுத்த இரண்டு எண்களின் பெருக்கல், அவ்வளவுதான். n-ஆவது உறுப்பு 1/(n(n+1)). நூறு உறுப்புகளைக் கூட்டப் பொது மடங்கு தேட ஆரம்பித்தால், பத்துப் பதினைந்து உறுப்புகளுக்குள்ளேயே பகுதி பல இலக்கங்களுக்கு வளர்ந்துவிடும்.

ஆனால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முதல் உறுப்பு மட்டும் 1/2. இரண்டைச் சேர்த்தால் 2/3. மூன்றைச் சேர்த்தால் 3/4. நான்கைச் சேர்த்தால் 4/5. இப்படியே போனால் 99 உறுப்புகளின் கூடுதல் 99/100 ஆக வேண்டும். அப்படியேதான் ஆகிறது. ஏன்?

ஒரு மீட்டர் நூல் ஒன்றை மேசைமேல் நீட்டி வையுங்கள். இடது முனை பூஜ்யம், வலது முனை 100 சென்டிமீட்டர். நூலின் பாதியில், அதாவது 50-இல், ஒரு புள்ளி வையுங்கள். மூன்றில் ஒரு பங்கில், ஏறத்தாழ 33.3-இல், இன்னொன்று. கால் பங்கான 25-இல் ஒன்று, ஐந்தில் ஒரு பங்கான 20-இல் ஒன்று. புள்ளிகள் இடப்பக்கமாக நெருங்கிக்கொண்டே போகும். இப்போது புள்ளிகளை விட்டுவிட்டு அவற்றுக்கு இடையில் உள்ள துண்டுகளைப் பாருங்கள். 100-க்கும் 50-க்கும் நடுவே 50 செ.மீ., அது நூலில் 1/2. 50-க்கும் 33.3-க்கும் நடுவே சுமார் 16.7, அது 1/6. அடுத்த துண்டு சுமார் 8.3, அது 1/12. அதற்கடுத்தது 5, அது 1/20. நாம் கூட்ட வந்த பின்னங்கள்தான் இந்தத் துண்டுகள்.

இது தற்செயல் இல்லை. 1/n என்ற புள்ளிக்கும் 1/(n+1) என்ற புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள்:

1/n − 1/(n+1) = ((n+1) − n) / (n(n+1)) = 1/(n(n+1))

தொகுதியில் நடப்பதைக் கவனியுங்கள். n+1-இலிருந்து n-ஐக் கழிக்கிறோம். மிச்சம் சரியாக 1. அடுத்தடுத்த எண்களுக்குள் வித்தியாசம் 1 என்பதால்தான் தொகுதியில் 1 வந்து நிற்கிறது. இந்தக் கணக்கின் உயிர் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

இனி கூட்டலை இப்படி எழுதலாம்:

(1 − 1/2) + (1/2 − 1/3) + (1/3 − 1/4) + … + (1/99 − 1/100)

ஓர் அடைப்புக்குள் கழிக்கப்படும் 1/2, அடுத்த அடைப்பில் கூட்டப்படுகிறது. 1/3-க்கும் அதே கதி. நூலில் பார்த்தால், ஒரு துண்டு முடிகிற இடத்தில்தான் அடுத்த துண்டு தொடங்குகிறது. நடுவில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு துண்டுக்கு முடிவாகவும் மற்றொரு துண்டுக்குத் தொடக்கமாகவும் இருக்கிறது. இரண்டு வேடங்களும் எதிரெதிர்க் குறியோடு வருவதால் கூடுதலில் அதன் சுவடே இருக்காது. ஒரே ஒரு வேடம் மட்டும் உள்ளவை இரண்டு புள்ளிகள்: முதல் துண்டின் தொடக்கமான 1, கடைசித் துண்டின் முடிவான 1/100. ஆகவே விடை 1 − 1/100 = 99/100.

N உறுப்புகள் வரை கூட்டினால் 1 − 1/(N+1). இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையும் இந்தச் சூத்திரமே துல்லியமாகச் சொல்லிவிடுகிறது: 999 உறுப்புகளுக்குப் பிறகு ஒன்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு குறைவு. N வளர வளர அந்தப் பாக்கி பூஜ்யத்தை நெருங்குகிறது. முடிவில்லாத தொடரின் கூடுதல் 1.

1672-இல் பாரிஸில் இருந்த லைப்னிட்ஸுக்கு இருபத்தாறு வயது. டச்சு அறிஞர் ஹைகன்ஸ் அவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். 1, 3, 6, 10, 15 என்று போகும் முக்கோண எண்களின் தலைகீழிகளைக் கூட்ட வேண்டும்: 1 + 1/3 + 1/6 + 1/10 + … முக்கோண எண் என்பது n(n+1)/2. எனவே அதன் தலைகீழி 2/(n(n+1)), நம் உறுப்பைப் போல் இரண்டு மடங்கு. விடை 2. லைப்னிட்ஸ் இதை வித்தியாசங்களின் கூட்டலாகவே பார்த்தார். ஒரு வரிசையின் வித்தியாசங்களைக் கூட்டினால் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும் என்ற பார்வையே தன்னை நுண்கணிதத்துக்கு இட்டுச்சென்றது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். இந்த விடையை அவருக்கு முன்பே, 1650-இல், போலோன்யா நகரத்துப் பியெத்ரோ மெங்கோலி தம் நூலில் வெளியிட்டிருந்தார்.

முடிவில்லாத தொடரில் அடித்துக்கொண்டே போகும்போது கை தவறும் இடம் ஒன்று உண்டு. அதே தொடரை இப்படியும் எழுதலாம்:

(6 − 5½) + (5½ − 5⅓) + (5⅓ − 5¼) + …

அடைப்புகளைச் சரிபாருங்கள்: 1/2, 1/6, 1/12, எல்லாம் சரி. இப்போது 5½ அடிபடுகிறது, 5⅓ அடிபடுகிறது, பின்னால் வருவன எல்லாமே அடிபடுகின்றன. மிஞ்சுவது 6! அப்படியானால் கூடுதல் ஒன்றா, ஆறா?

ஒன்றுதான். N உறுப்புகளோடு நிறுத்திப் பார்த்தால் கடைசியில் 5 + 1/(N+1) என்ற வால் மிஞ்சியிருக்கும். N எவ்வளவு பெருகினாலும் அது 5-க்குக் கீழே இறங்காது. 6-இலிருந்து 5 போக 1. முதல் முறையில் வாலை மறந்தும் சரியான விடை வந்ததற்குக் காரணம், அங்கே வால் பூஜ்யத்துக்குப் போனதுதான். அதனால் முதலில் N-இல் நிறுத்த வேண்டும், வாலை எழுத வேண்டும், அது எங்கே போகிறது என்று பார்த்த பிறகே 'முடிவில்லாமல்' என்று சொல்ல வேண்டும்.

பகுதியில் இருப்பது n(n+2) என்றால்? இடைவெளி இரண்டு என்பதால் தொகுதியில் 2 வரும், பாதியாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் அடைப்பில் கழிக்கப்படுவது அடுத்ததில் அல்லாமல் அதற்கும் அடுத்ததில்தான் அடிபடும். எனவே தலைப்பக்கம் 1, 1/2 என்று இரண்டு மிஞ்சும். விடை அவற்றின் கூடுதலில் பாதி, 3/4.

n×n என்றால் மட்டும் இந்த வழி அடைபடுகிறது. ஒரே எண்ணுக்கு அதனோடு இடைவெளி ஏது? 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற அந்தத் தொடரின் கூடுதல் என்ன என்ற கேள்வியையும் மெங்கோலி அதே நூலில் எழுப்பினார். விடைதான் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் நம் துண்டுகள் ஓரளவு கைகொடுக்கும். 1/4 என்பது 1/2-ஐ விடச் சிறியது, 1/9 என்பது 1/6-ஐ விட, 1/16 என்பது 1/12-ஐ விட. ஆகவே முதல் உறுப்பான 1-ஐ விட்டு மற்றதெல்லாம் சேர்ந்தாலும் ஒன்றை எட்டாது; மொத்தம் 2-க்குள் அடங்கும். சரியான மதிப்பை 1734-இல் ஆய்லர் கண்டுபிடித்தார்: π²/6, அதாவது ஏறத்தாழ 1.645.